யாரும் தேடாத சொல்லுக்கு முதலிடம்

"கூகுளில் உங்கள் கடையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம் சார். மாதம் எட்டாயிரம்தான். மூன்று மாதத்தில் வராவிட்டால் பணம் வாபஸ்." சொந்தமாக ஒரு கடையோ கிளினிக்கோ பட்டறையோ வைத்து, அதன் போன் நம்பரை இணையத்தில் போட்டிருப்பவர்களுக்கு இந்த அழைப்பு புதிதல்ல. அழைப்பவர் பொய் சொல்கிறார் என்று சிலர் உடனே வைத்துவிடுகிறார்கள். நம்பிப் பணம் கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

அழைப்பவர் பொய்தான் சொல்கிறார் என்று நினைப்பது பெரும்பாலும் தவறு. சொன்னபடி மூன்று மாதத்தில் முதல் பக்கத்தில் கொண்டுவந்து காட்டிவிடுவார். கடைக்காரரும் தன் கண்ணாலேயே பார்ப்பார். ஆனால் கடைக்கு ஒரு போன்கூட கூடுதலாக வந்திருக்காது. அப்போது பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வாய் வராது, சொன்னதைச் செய்துவிட்டார்களே! எந்தச் சொல்லைத் தேடினால் முதல் பக்கம் என்ற கேள்வியை யாரும் கேட்காமல் விட்டதுதான் இங்கே நடந்தது.

ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். கோவை சிங்காநல்லூரில் மாடுலர் கிச்சன் செய்து தரும் பட்டறை. முதலாளி, நாலைந்து தச்சர்கள், சொந்தக்காரப் பையன் செய்துகொடுத்த ஒரு வெப்சைட். முதலாளியின் ஆசை எளிமையானது: கோவையில் யாராவது `modular kitchen coimbatore` என்று தேடினால் தன் கடை வர வேண்டும். ஏஜென்சி ஒரு பேக்கேஜ் தருகிறது. பத்து கீவேர்டு, அதில் ஏதேனும் ஏழு முதல் பக்கத்தில் வரும், உத்தரவாதம். கூடவே ஒரு பட்டியல். பட்டியலின் முதல் வரியில் முதலாளி ஆசைப்பட்ட அதே சொல் இருக்கும். அதைப் பார்த்ததும் அவர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார். மீதி ஒன்பதும் ஏறக்குறைய இப்படி இருக்கும்: `pvc modular kitchen makers near singanallur bus stand`, `l shape kitchen carpenter trichy road singanallur`, `small kitchen cupboard work singanallur coimbatore`. ஒன்றிரண்டில் கடையின் சொந்தப் பெயரே இருக்கும்.

இனி அந்த "ஏதேனும் ஏழு" என்பதைப் பாருங்கள். முதல் வரியில் உள்ள சொல்லைத் தொடாமலே ஏழை முடித்துவிடலாம். கடையின் பெயரைத் தேடினால் கடைதான் முதலில் வரும். வெப்சைட்டே சரியாக இல்லாவிட்டால் தவிர, அதற்கு யாரும் வேலை செய்ய வேண்டியதில்லை. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிவிசி கிச்சன் என்று நீட்டி முழக்கிய தொடருக்குப் போட்டியே கிடையாது. அந்தச் சொற்களைத் தலைப்பில் வைத்து ஒரு பக்கம் எழுதிப் போட்டால், கூகுள் அதைப் படித்துச் சேர்த்துக்கொண்ட சில நாட்களில் முதல் பக்கத்தில் நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. அரை நாள் வேலை. அதற்கு மூன்று மாதக் கட்டணம் 24,000 ரூபாய், பிறகு "ரேங்க்கைத் தக்கவைக்க" மாதாமாதம் எட்டாயிரம். போட்டியே இல்லாத இடத்தில் எதைத் தக்கவைப்பது என்று கேட்கலாம்தான்.

அந்தத் தொடரை யாராவது தேடுகிறார்களா என்பதை ஏஜென்சியின் ரிப்போர்ட்டிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. அதில் இடம் மட்டும்தான் இருக்கும்: போன மாதம் 14, இந்த மாதம் 2, பச்சை நிற அம்புக்குறி. தேடியவர் எண்ணிக்கையைத் தருவது கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவி. வெப்சைட் தன்னுடையதுதான் என்று நிரூபித்தால் யாரும் அதைத் திறந்து பார்க்கலாம். கடந்த 16 மாதக் கணக்கு வரை அதில் இருக்கும். `Performance` என்ற பகுதியில், எந்தெந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் வெப்சைட் வந்தது என்ற பட்டியல் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே `Impressions` என்றால் எத்தனை தடவை தேடல் முடிவில் காட்டப்பட்டது, `Clicks` என்றால் எத்தனை பேர் தட்டி உள்ளே வந்தார்கள், `Position` என்றால் சராசரியாக எத்தனையாவது இடம். கடைசியில் சொன்னது முதலில் மறைந்திருக்கும்; மேலே உள்ள பெட்டியைத் தட்டினால் வரும்.

நம் கிச்சன் கடையின் மூன்று மாதக் கணக்கு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். `l shape kitchen carpenter trichy road singanallur` என்பதற்கு இடம் 1.2. பிரமாதம். காட்டப்பட்ட தடவை: 6. தட்டியவர்: 0. முதலிடத்தில் நிற்கும் ஒன்று, அந்தச் சொல்லைத் தேடிய அநேகமாக எல்லோருக்கும் காட்டப்பட்டிருக்கும். ஆகவே முதலிடத்தில் இருந்தும் ஆறு தடவைதான் காட்டப்பட்டது என்றால், மூன்று மாதத்தில் அதைத் தேடியதே ஆறு தடவைதான். அந்த ஆறிலும் ஏஜென்சிப் பையன் ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தேடியது இரண்டு, முதலாளி ஆசையாகத் தேடிப் பார்த்தது மூன்று என்று கழித்தால் மிஞ்சுவது ஒன்று.

`modular kitchen coimbatore` என்பதற்கு அதே கணக்கில் இடம் 34, காட்டப்பட்ட தடவை 40 என்று இருக்கிறது. இங்கே எண்ணை வேறு விதமாகப் படிக்க வேண்டும். நான்காம் பக்கத்தில் கிடப்பது, அதுவரை புரட்டிக்கொண்டு போனவருக்குத்தான் காட்டப்படும். இந்த 40 என்பது தேடியவர் எண்ணிக்கை அல்ல; சலிக்காமல் நான்காம் பக்கம் வரை வந்தவர்களின் எண்ணிக்கை. உண்மையில் தேடியவர்கள் அதைவிடப் பல மடங்கு இருப்பார்கள். இடமும் எண்ணிக்கையும் சேர்ந்துதான் கதை சொல்லும். ஏஜென்சி ரிப்போர்ட்டில் இடம் மட்டும் இருப்பதன் வசதி இப்போது புரியும்.

பட்டியலின் மற்ற ஐந்தாறு கீவேர்டுகள் சர்ச் கன்சோலில் தேடினாலும் கிடைக்காது. அதற்கும் காரணம் இருக்கிறது. மிகச் சிலரே தேடும் சொற்களை, தேடியவரின் அந்தரங்கம் கருதி கூகுள் அந்தப் பட்டியலில் காட்டுவதில்லை. மாதக்கணக்கில் பணம் கட்டி முதலிடம் பிடித்த சொல் அங்கே இல்லவே இல்லை என்றால், அதைத் தேடியவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. கூகுள் விளம்பரக் கணக்குக்குள் கீவேர்டு பிளானர் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஊரைக் கோவை என்று தேர்ந்தெடுத்து, ஏஜென்சி கொடுத்த பத்துச் சொற்களையும் போட்டால், மாதத்துக்குச் சராசரியாக எத்தனை தேடல் என்று காட்டும். விளம்பரத்துக்குச் செலவழிக்காதவர்களுக்குத் துல்லியமான எண் கிடைக்காது. 10 முதல் 100, 100 முதல் 1,000 என்று ஒரு வீச்சுதான். நமக்கு அது போதும். எண்ணே வராமல் ஒரு கோடு மட்டும் வரும் சொற்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, மிச்சமிருப்பதற்கு உத்தரவாதம் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சின் சுருதி அங்கே மாறும்.

சரி, முதலாளி ஆசைப்பட்ட அந்த நல்ல சொல்லுக்கே ஒருவர் உத்தரவாதம் தருகிறார் என்றால்? கூகுள் தன் வழிகாட்டுப் பக்கத்தில் இதற்கு நேரடியாகவே பதில் சொல்லியிருக்கிறது: முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது, கூகுளோடு தனி உறவு இருக்கிறது என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். விளம்பரம் அல்லாத முடிவுகளில் மேலே வரக் கூகுள் பணம் வாங்குவதில்லை. விளம்பரத்துக்குக் கொட்டிக் கொடுப்பவருக்கும் அந்தப் பட்டியலில் சலுகை கிடையாது.

கூகுள் சொல்லாவிட்டாலும் சாதாரணக் கணக்கே இதைச் சொல்லிவிடும். ஒரு பக்கத்தில் பத்து முடிவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரோடு தேடும்போது அதில் பாதியை ஜஸ்ட்டயல், சுலேகா, இந்தியாமார்ட் போன்ற பட்டியல் தளங்களும் பெரிய பிராண்டுகளும் பிடித்துக்கொள்வதைப் பார்க்கலாம். மிச்சம் நான்கைந்து இடம். அதே ஏஜென்சி அதே ஊரில் எட்டு கிச்சன் கடைக்காரர்களுக்கு அதே உத்தரவாதத்தை விற்றிருந்தால்? "எங்கள் ஊரில் எங்கள் தொழிலில் வேறு யாருக்கு வேலை செய்கிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு மழுப்பல்தான் பதிலாக வரும்.

இதில் இன்னொரு குறுக்குவழி உண்டு. "முதல் பக்கம்" என்றுதான் ஒப்பந்தம் சொல்கிறது. விளம்பரமாக இல்லாமல் என்று சொல்லவில்லை. நீங்கள் தரும் எட்டாயிரத்தில் ஆயிரத்தைக் கூகுள் விளம்பரத்தில் போட்டு, நீங்கள் பார்க்கும் நேரத்தில் கடையை மேலே காட்டலாம். முடிவின் மேல் `Sponsored` என்று எழுதியிருந்தால் அது விளம்பரம். விளம்பரம் கொடுப்பதில் தப்பில்லை. அது நேர்மையான வழிதான், செலவுக் கணக்கும் தெளிவாக இருக்கும். நேரடியாக நீங்களே கொடுத்தால் எட்டாயிரமும் விளம்பரத்துக்கே போகும்.

நிரூபித்துக் காட்டும் முறையிலும் விளையாட இடமிருக்கிறது. ஏஜென்சிக்காரர் கடைக்கே வந்து, "உங்க போன்லயே தேடிப் பாருங்க சார்" என்பார். கடைக்குள் நின்று தேடினால் கடை மேலே வருவது இயல்பு. ஊர் சார்ந்த தேடல்களில் மேப்போடு சேர்ந்து வரும் கடைகளின் வரிசையைப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றை வைத்து அமைப்பதாகக் கூகுள் சொல்கிறது. இதில் தூரத்தை எந்த ஏஜென்சியாலும் மாற்ற முடியாது. சிங்காநல்லூரில் முதலில் தெரியும் கடை, வடவள்ளியில் தேடுபவருக்கு வராமலே போகலாம். இன்காக்னிடோ ஜன்னலில் தேடினால் பாரபட்சமில்லாத முடிவு வரும் என்று சொல்வதும் பாதிதான் உண்மை. பழைய தேடல் வரலாறு அதில் சேராது; ஆனால் நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பது இணைய இணைப்பை வைத்தே கூகுளுக்குத் தெரியும். ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு நண்பரைத் தேடச் சொல்லிப் பார்ப்பது இதைவிட நல்ல சோதனை.

இதுவரை சொன்னவற்றில் பணம்தான் நஷ்டம். உத்தரவாதத்தை எப்படியாவது காப்பாற்றத் துடிப்பவர்கள் செய்யும் சில வேலைகளில் கடைக்கே சேதம் வரும். ஒரு வெப்சைட்டை நோக்கி மற்ற வெப்சைட்டுகள் லிங்க் கொடுப்பதை நற்சான்றாகக் கூகுள் எடுத்துக்கொள்கிறது. அந்த நற்சான்றை விலைக்கு வாங்கலாம். அதற்கென்றே நடத்தப்படும் வெறும் வெப்சைட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. எங்கோ இருக்கும் சூதாட்டத் தளமும் செல்லப்பிராணி வலைப்பூவும் சிங்காநல்லூர் கிச்சன் கடைக்கு லிங்க் கொடுத்தால், அதன் பின்னே என்ன இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் பெரிய சங்கிலிக் கடை நிறுவனமான ஜே.சி.பென்னி. 2010 இறுதியின் பண்டிகைக் காலத்தில் உடைகள், படுக்கை விரிப்புகள், தரைவிரிப்புகள் என்று எதைத் தேடினாலும் அந்தக் கடையே முதலில் வந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அதற்கு லிங்க் வைக்கப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் 2011 பிப்ரவரியில் வெளிக்கொண்டு வந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒரு குறிப்பிட்ட பயணப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த கடை, இரண்டு மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. லிங்குகளைத் தாங்கள் வைக்கச் சொல்லவில்லை என்றது நிறுவனம். தன் ஏஜென்சியை விலக்கியது. அந்த வாதம் உண்மையாகவே இருந்தாலும் தண்டனை கடைக்குத்தான் வந்தது. அடுத்த ஆண்டு, 2012 ஏப்ரலில், இப்படிப்பட்ட லிங்குகளைத் தானாகவே கண்டுபிடிக்கும் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது.

ஜே.சி.பென்னிக்கு நாடெங்கும் கடைகள் இருந்தன, தாங்கிக்கொண்டது. சிறு கடை அப்படித் தாங்காது. கூகுளின் ஆட்களே பார்த்துத் தண்டித்திருந்தால் சர்ச் கன்சோலில் `Manual actions` என்ற பகுதியில் அது எழுதப்பட்டிருக்கும். சத்தமில்லாமல் இடம் சரிந்திருந்தால் அங்கே ஒன்றும் இருக்காது. மேப் பட்டியலிலும் இப்படி ஒரு ஆபத்து இருக்கிறது: கடையின் பெயரோடு "பெஸ்ட் மாடுலர் கிச்சன் இன் கோயம்புத்தூர்" என்று வாலை ஒட்டிவிடுவார்கள். போர்டில் உள்ள பெயர்தான் பட்டியலிலும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. யாராவது புகார் செய்தால் பட்டியலே முடக்கப்படலாம். பல வருடம் சேர்த்த ரிவ்யூக்களும் அதோடு கண்ணில் படாமல் போகும்.

கூகுளிலிருந்தே பேசுவதாகச் சொல்பவர்கள் தனி ரகம். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த பாயின்ட்பிரேக் மீடியா என்ற நிறுவனத்தின் மேல் அந்நாட்டின் வணிக ஆணையம் 2018 மே மாதம் வழக்கு நடத்தியது. ஆணையத்தின் குற்றச்சாட்டுப்படி, பதிவு செய்த குரல் அழைப்புகள் சிறு வணிகர்களுக்குப் போயின. உடனே நடவடிக்கை எடுக்காவிட்டால் கூகுளில் உங்கள் கடை "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று காட்டப்படும் என்ற மிரட்டல் அதில் இருந்தது. பயந்து பேசியவர்களிடம் 300 முதல் 700 டாலர் வரை வாங்கினார்கள். கட்டியவர்களிடமே அதைவிடப் பெரிய திட்டத்தை மாதக் கட்டணத்தில் விற்கப் பார்த்தார்கள். கூகுளோடு அவர்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்றது ஆணையம். நீதிமன்றம் தொழிலை நிறுத்தி வைத்தது. கடையைக் கூகுள் மேப்பில் பதிவதும், சரிபார்ப்பதும், நேரத்தை மாற்றுவதும் முழுக்க இலவசம். அதற்குக் கட்டணம் கேட்பவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் அவர் கூகுள் அல்ல.

எல்லோரும் இப்படியா என்றால், இல்லை. எஸ்.இ.ஓ. என்பது உண்மையான தொழில், தெரிந்து செய்பவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காண்பதும் கடினமில்லை: இடத்துக்கு வாக்குக் கொடுக்க மாட்டார்கள், வேலைக்குக் கொடுப்பார்கள். வெப்சைட்டில் கூகுளால் படிக்க முடியாத பக்கங்கள் எவை என்று பார்த்துச் சரிசெய்வது, செய்து முடித்த ஒவ்வொரு கிச்சனுக்கும் அளவு, பொருள், தோராய விலை, படங்களோடு ஒரு பக்கம் போடுவது, உண்மையான வாடிக்கையாளரிடம் ரிவ்யூ கேட்கும் பழக்கத்தைக் கடையில் உண்டாக்குவது, இந்த மாதம் எதைச் செய்தோம் என்று எழுதிக் கொடுப்பது. பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம் என்பது கூகுளே சொல்லும் கணக்கு. மூன்று மாதத்தில் நிச்சயம் என்பவரைவிட, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம், வராமலும் போகலாம் என்பவரிடம் பணம் கொடுப்பது மேல். கேட்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டுமென்றால், கீவேர்டைப் பற்றிய வரியை அடித்துவிட்டு வேறு இரண்டை எழுதலாம். ஒன்று, மாதாமாதம் வரும் ரிப்போர்ட்டில் சர்ச் கன்சோலின் தட்டியவர் எண்ணிக்கை, கடைப் பெயரைத் தேடி வந்தவர்களைக் கழித்துவிட்டு இருக்க வேண்டும். இரண்டு, கடைப் பட்டியல் வழியாக வந்த போன் அழைப்புகளின் எண்ணிக்கை. கூகுள் பட்டியலிலேயே அது பதிவாகிறது. இரண்டையும் ஏஜென்சி அனுப்பும் படத்தில் பார்க்காமல், உங்கள் கணக்கில் நீங்களே நுழைந்து பார்க்க முடிய வேண்டும்.

அதற்கு அந்தக் கணக்குகள் உங்களுடையதாக இருக்க வேண்டும். பிரியும் நேரத்தில் வம்பு பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. பணம் கட்டுவதை நிறுத்தியதும், வெப்சைட் பெயரே ஏஜென்சியின் பெயரில் பதிவாகியிருப்பது தெரியவரும். கடைப் பட்டியலின் உரிமையாளர் இடத்தில் அவர்களின் மெயில் முகவரி இருக்கும். சில சமயம் பட்டியலில் உள்ள போன் நம்பரே கடையுடையதாக இருக்காது. அவர்கள் வழியாகத் திருப்பிவிடப்படும் நம்பராக இருக்கும். ஆகவே தொடக்கத்திலேயே வெப்சைட் பெயரை உங்கள் பெயரிலும் உங்கள் மெயிலிலும் பதிவு செய்துவிடுங்கள். கூகுள் பட்டியலில் `People and access` என்ற இடத்தில் முதன்மை உரிமையாளராக உங்கள் மெயிலே இருக்கட்டும், ஏஜென்சியை மேலாளராக மட்டும் சேருங்கள். மேலாளராக இருப்பவர் அன்றாட வேலைகளைச் செய்யலாம், உரிமையாளரை நீக்க முடியாது. ஏற்கெனவே அவர்கள் கையில் போய்விட்டது என்றால் கூகுளிலேயே உரிமை கோரி விண்ணப்பிக்கலாம். இப்போது வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல மூன்று நாள் அவகாசம். அவர் வாயே திறக்காவிட்டால், கடை உங்களுடையதுதான் என்று காட்டி நீங்களே எடுத்துக்கொள்ளும் வாய்ப்பைக் கூகுள் தரலாம்.